மொத்தமாக எடுத்தால் கிலோ என்ன விலை விழும்? அடுக்ககத்தில் சேர்ந்து அரிசி, எண்ணெய் வாங்குவோருக்கான கணக்கு

மொத்த வியாபாரி ஒரு விலை சொல்வார். அரிசி உங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கு வந்து சேரும்போது அந்த விலை மாறியிருக்கும். வண்டி வாடகை, இறக்குகூலி, சாக்கின் எடை, பிரிக்கும்போது சிந்துவது என்று வழியில் ஒவ்வொன்றாக ஏறிக்கொள்ளும். இவையெல்லாம் சேர்ந்த விலைக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் அடக்க விலை. கூட்டாக வாங்குவது லாபமா இல்லையா என்பதை அந்த அடக்க விலையை வைத்துத்தான் சொல்ல முடியும். வியாபாரி சொன்ன எண்ணைக் கடை விலையோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுபவர்கள் பில் போட்டபின் முகம் சுளிப்பது இதனால்தான்.

இனி வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே அளவுகோல். கடையில் சில்லறையாக வாங்கினால் ஒரு கிலோ அரிசி 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி, உங்கள் ஊர் விலையை இந்த 100-க்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வியாபாரியிடம், பிறகுதான் அக்கம்பக்கத்தில்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். "யாருக்கெல்லாம் அரிசி வேண்டும்?" என்று குடியிருப்புக் குழுவில் ஒரு செய்தி போட்டதும் நாற்பது கை உயரும். வியாபாரியிடம் போய் விலை கேட்டு வந்து சொல்லும்போது பாதிக் கை இறங்கிவிடும். விலை தெரியாமல் தூக்கிய கைக்கு மதிப்பில்லை. அதனால் முதலில் வியாபாரியிடம் போங்கள், அவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று, எத்தனை சிப்பத்துக்கு என்ன விலை. மொத்த வியாபாரத்தில் விலை சீராகச் சரியாது, படிபடியாகத்தான் இறங்கும். இத்தனை மூட்டை வரை ஒரு விலை, அதைத் தாண்டினால் வேறொரு விலை. அந்தப் படி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் உங்கள் மொத்தக் கணக்கின் அச்சாணி.

இரண்டு, அந்தப் படி ஒரே ரகத்துக்கா, மொத்த ஆர்டருக்கா. 20 சிப்பம் எடுத்தால் குறைந்த விலை என்பார். பச்சரிசி 9, புழுங்கல் 11 என்று கேட்டால், "ஒரே ரகத்தில் 20 என்றல்லவா சொன்னேன்" என்பார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. முதலிலேயே கேட்டிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

மூன்று, விலை எத்தனை நாள் நிற்கும். அரிசி விலை ஓரளவு நிதானமாக நகரும். எண்ணெய் அப்படியல்ல, வாரத்துக்குள்ளேயே மாறலாம். வீடுகளிடம் பணம் வசூலிக்க உங்களுக்கு எத்தனை நாள் பிடிக்குமோ அத்தனை நாளுக்காவது விலை நிற்க வேண்டும்.

நான்கு, சொல்லும் எடை சாக்கோடு சேர்த்தா, சாக்கு நீங்கலாகவா. பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு என்றால் வித்தியாசம் 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 50 கிலோ சணல் சாக்கு மட்டும் தனியாகவே அரைக் கிலோவைத் தாண்டும். அரிசி விலைக்குச் சணல் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஒரு முழுக் கணக்கு

24 வீடுகள் சேர்கின்றன. நான்கு வீடுகளுக்கு ஆளுக்கு 50 கிலோ, பத்து வீடுகளுக்கு 25 கிலோ, மீதிப் பத்து வீடுகளுக்கு வெறும் 5 கிலோ. மொத்தம் 500 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 20. வியாபாரியின் விலை இது: 20 சிப்பத்துக்குக் கீழே கிலோ 90, 20-ம் அதற்கு மேலும் என்றால் 86. வண்டி வாடகை ஒரே தொகையாக 1,500. இறக்கி வைக்கச் சிப்பத்துக்கு 30.

அரிசிக்கு 43,000. வண்டி 1,500. கூலி 600. மொத்தம் 45,100. அதை 500-ஆல் வகுத்தால் அடக்க விலை கிலோவுக்கு 90.20. வியாபாரி 86 என்றார், உங்கள் கைக்கு வரும்போது 90.20. கடை விலையைவிட 9.80 குறைவு.

இப்போது இரண்டு சிப்பம் குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 450 கிலோவுக்கு விலை 90 ஆகிவிடும், அரிசிக்கு 40,500. வண்டி அதே 1,500. கூலி 540. மொத்தம் 42,540, கிலோவுக்கு 94.53. ஆதாயம் 5.47-ஆகச் சுருங்கிவிட்டது. ஆர்டரில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆதாயத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. படியிலிருந்து கீழே விழுந்ததோடு, அதே வண்டி வாடகையைக் குறைந்த எடை சுமக்க வேண்டியதாயிற்று. அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இந்த இரண்டு மொத்தத் தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 18 சிப்பத்துக்கு 42,540. 20 சிப்பத்துக்கு 45,100. வித்தியாசம் 2,560. அந்தப் பணத்துக்குக் கூடுதலாக வருவது 50 கிலோ. கிலோ 51 சொச்சம். கடையில் 100-க்கு விற்கும் அரிசி ஏறக்குறைய பாதி விலைக்கு! 19 சிப்பத்தில் நின்றால் கணக்கு இன்னும் விசித்திரமாக இருக்கும். 19-க்கு 44,820 ஆகிறது. இருபதாவது சிப்பத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 280 மட்டும். 25 கிலோ அரிசி 280-க்கு. அது யாருக்கும் வேண்டாம் என்றாலும்கூட எடுத்துவிடலாம்.

ஆகவே படியை ஒட்டி வந்து நின்றுவிட்டால், "போதிய ஆள் இல்லை" என்று அங்கேயே முடித்துவிடாதீர்கள். குறையும் சிப்பத்தை இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். 18-ல் நின்ற நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு வீடும் 9 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கூடுதலாக ஏற்றால் 50 கிலோவும் தீர்ந்துவிடும். 25 கிலோ கேட்ட வீட்டுக்கு ஏறக்குறைய 27.8 கிலோ வரும். அந்த வீடு கொடுக்க வேண்டியிருந்தது 2,363, இப்போது 2,506. கூடுதல் 143-க்கு 2.8 கிலோ அரிசி. இப்படி எண்ணைப் போட்டுக் காட்டினால் மறுப்பவர்கள் குறைவு. "கொஞ்சம் கூட எடுத்துக்கொள்ளுங்களேன்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் அசையமாட்டார்கள்.

இந்தக் கணக்கு படிக்குப் பக்கத்தில் மட்டும்தான் செல்லும். 12 சிப்பத்துக்குத்தான் ஆள் இருக்கிறது, படி 20-ல் இருக்கிறது என்றால், எட்டு சிப்பத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு பிறகு வண்டு பிடிக்க விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. 12-க்கு அடக்க விலை 96.20 வரும். ஆதாயம் 100-க்கு 4 கூட இல்லை. கடைக்காரர் எப்போதாவது போடும் தள்ளுபடியே இதற்கு ஈடாகிவிடும். இவ்வளவு அலைச்சலுக்கு 100-க்கு 5 கூடத் தேறாத ஆர்டரைத் தொடாமலே இருக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

வண்டி வாடகையை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள்

வாடகையை 24 வீட்டுக்கும் சமமாகப் பிரித்துவிடுவது பார்ப்பதற்கு நியாயமாகவும் கணக்குப் போட எளிதாகவும் இருக்கும். ஆளுக்கு 62.50. ஆனால் 5 கிலோ எடுக்கும் வீட்டுக்கு அது கிலோவுக்கு 12.50. அரிசி 86, கூலி 1.20, வாடகை 12.50 சேர்த்தால் 99.70. கடைக்குப் போய் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பத்து வீடுகளும் முதல் முறை பேசாமல் வாங்கிக்கொள்ளும், அடுத்த முறை பேசாமல் விலகிக்கொள்ளும்.

அவர்கள் விலகினால் போவது 50 கிலோதான். ஆனால் 20 சிப்பம் என்ற படியைத் தொட வைத்ததே அந்த 50 கிலோ. அவர்கள் இல்லையென்றால் 18 சிப்பம், கிலோ 94.53. சமப் பங்கால் 25 கிலோ வீட்டுக்கு வாடகையில் மிச்சமானது 12.50. சின்ன வீடுகள் விலகியதால் அந்த வீட்டுக்கு ஏறியது 108. பெரிய மூட்டை எடுப்பவர்கள் சிலர் "5 கிலோக்காரருக்காக நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும்" என்பார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் சொன்னால் போதும்.

அதனால் வாடகையும் கூலியும் கிலோ கணக்கிலேயே பிரியட்டும். அரிசியோடு எண்ணெயும் அதே வண்டியில் வந்தால் எண்ணெயின் எடையையும் சேர்த்து வகுக்க வேண்டும். சின்ன அளவு எடுப்பவர்களுக்கு மூட்டையைப் பிரித்துக் கொடுக்கும் வேலை தனி. அதற்குக் கிலோவுக்கு ஒரு சிறு தொகையை முன்கூட்டியே சொல்லி வாங்குவதில் தவறில்லை. நம் கணக்கில் 1 வைத்தால்கூட அவர்களுக்கு 91.20-தான் ஆகும். பை வாங்கும் செலவு அதில் அடங்கிவிடும்.

பணம் வந்தபின்தான் பெயர்

ஒரே ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: பணம் கட்டியவர் பெயர்தான் பட்டியலில் இருக்கும். "எனக்கு ஒரு மூட்டை போட்டுக்கோங்க, அப்புறம் தரேன்" என்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கடைசி நேரத்தில் ஊருக்குப் போய்விட்டால் படி கைவிட்டுப் போகும், அதன் செலவு மற்ற 23 வீடுகளின் தலையில் விழும்.

வசூலிக்கும் விலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். அடக்க விலை 90.20 என்று கணக்கு வந்திருந்தால் 93 வீதம் வாங்குங்கள். பில், வாடகை, கூலி எல்லாம் முடிந்தபின் மீதியைத் திருப்பிக் கொடுங்கள். 25 கிலோ வீட்டுக்கு 70 திரும்பும். திருப்பிக் கொடுப்பது யாருக்கும் கசக்காது. 90 வாங்கிவிட்டு வண்டிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்டார் என்று இன்னும் இரண்டு கேட்டால், அந்த இரண்டுக்காக மாடிப்படியில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும்.

படி எட்டாவிட்டால் என்ன செய்வது என்பதையும் வசூலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "20 சிப்பம் சேராவிட்டால் ஆர்டர் ரத்து, முழுப் பணமும் திரும்பும்" என்பது ஒரு வழி. "சேராவிட்டால் கிலோ 95-க்குள் வரும், சம்மதமா" என்பது இன்னொரு வழி. எதுவானாலும் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பணம் கட்டியபின் விலகுபவர் தனக்குப் பதில் ஆள் பிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் சரக்கு அவருடையதே.

இந்தப் பணத்தைக் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கில் போட்டுக் கலக்க வேண்டாம். தனியாக ஒரு தாளில் வீட்டு எண், ரகம், கிலோ, கட்டிய தொகை, திரும்பிய தொகை என்று ஐந்து கட்டம் இருந்தால் போதும். வியாபாரி தந்த பில்லைப் படமெடுத்து அந்தத் தாளோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒருங்கிணைப்பவருக்கு வியாபாரி கழிவு ஏதாவது கொடுத்தால் அதையும் அந்தத் தாளில் காட்டிவிட வேண்டும். அவர் உழைப்புக்கு அதை அவரே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். மறைத்து வைத்து வெளியே வந்தால் அதன்பின் அவர் எந்தக் கணக்கைக் காட்டினாலும் நம்ப ஆள் இருக்காது.

மாதிரியை வாங்கிச் சமைத்துப் பாருங்கள், பாதியை எடுத்து வையுங்கள்

கூட்டாக வாங்கிய அரிசியில் வரும் புகார்களில் கல்லும் குறுநொய்யும் குறைவு. "சாதம் குழையுது" என்பதுதான் மிகுதி. புது அரிசி தண்ணீர் குறைவாகக் கேட்கும், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சில மாதம் இருப்பு வைத்த பழைய அரிசி கூடுதல் தண்ணீர் வாங்கும், உதிரியாக நிற்கும், பானை நிறைய வரும். ரகமும் பெயரும் ஒன்றாகவே இருந்தாலும் பானையில் இரண்டும் வேறுவேறு. பழைய அரிசிக்குப் பழகிய வீட்டில் அதே அளவு தண்ணீரை வைத்துப் புது அரிசியை வேகவிட்டால் களியாகத்தான் வரும்.

அதனால் ஆர்டருக்கு முன் அதே இருப்பிலிருந்து ஒரு கிலோ மாதிரி வாங்குங்கள். பாதியை இரண்டு மூன்று வீடுகளில் அவரவர் வழக்கப்படி சமைத்துப் பார்க்கட்டும். மீதி அரைக் கிலோவை மூடி, தேதி எழுதி வையுங்கள். சிப்பத்தின் மேல் அச்சிட்டிருக்கும் ஆலைப் பெயர், பொதியிட்ட தேதி, தொகுதி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "இதே தொகுதி எண்ணில் 20 சிப்பம்" என்று கேட்க வேண்டும். காட்டுவது ஓர் இருப்பிலிருந்து, அனுப்புவது வேறோர் இருப்பிலிருந்து என்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. பல நேரம் அது ஏமாற்றும் எண்ணத்தால்கூட இருக்காது, பழைய இருப்பு தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான்.

வண்டி வந்ததும் இறக்குவதற்கு முன்பே தொகுதி எண்களைப் பாருங்கள். இரண்டு மூன்று சிப்பங்களில் குத்தூசியை நடுவில் செலுத்தி ஒரு கைப்பிடி எடுங்கள். குத்தூசி இல்லாவிட்டால் பிரிக்கப்போகும் சிப்பத்தையே முதலில் திறந்துவிடலாம். வெள்ளைத் தட்டில் பரப்பி, எடுத்து வைத்த மாதிரியை அருகில் கொட்டி ஒப்பிடுங்கள். நிறம், நீளம், உடைசல் கண்ணுக்கே தெரியும். தட்டைச் சாய்த்து அரிசியை ஒருபுறம் தள்ளும்போது அடியில் மாவுபோல் தூள் தங்கினாலோ, மணியில் ஊசி குத்தினாற்போல் துளை தெரிந்தாலோ உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். காய்ந்த அரிசி டக்கென்று உடையும். நசுங்குவது போலிருந்தால் ஈரம் அதிகம். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய அரிசியில் பூசணமும் பூச்சியும் எளிதாகப் பற்றும்.

சரியில்லாத சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கான நேரம் வண்டி நிற்கும்வரைதான். சிப்பம் மாடிக்கு ஏறிவிட்டால் அது உங்களுடையது.

எடை

சூட்கேஸ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் 25 கிலோ சிப்பத்துக்குப் போதும். ஆள் ஏறி நிற்கும் தராசில் சிப்பத்தோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் நின்று கழித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் 100, 200 கிராம் பிசகுவது சகஜம், அதை வைத்து யாரோடும் வாதிட முடியாது. ஒரு சிப்பம் 80 கிராம் குறைவாகவும் இன்னொன்று 60 கிராம் கூடுதலாகவும் இருந்தால் பொருட்படுத்தாதீர்கள். எடுத்துப் பார்த்த ஐந்தும் ஒரே பக்கமாக 200 கிராம் குறைந்தால் அது தற்செயல் இல்லை. 20 சிப்பத்துக்கு 4 கிலோ. அந்த இடத்திலேயே பில்லில் எழுதி, கழித்துத்தான் கொடுக்க வேண்டும்.

பிரித்துக் கொடுக்கும்போது வரும் தகராறு இன்னொரு வகை. ஒரு சிப்பத்தை ஐந்து வீட்டுக்குப் பிரிக்கிறீர்கள். முதல் நான்கு பேருக்கும் தாராளமாகத் தராசு முள் சற்றே தாண்டும்வரை போட்டு, ஆளுக்கு 60 கிராம் கூடினால், ஐந்தாவது ஆளுக்கு 240 கிராம் குறைவு. கீழே சிந்தியதையும் சேர்த்தால் அவருக்கு 4.7 கிலோதான் கிடைக்கும். கடைசியாக வந்தவர் எப்போதும் ஏமாந்தவர் ஆகிவிடுகிறார்.

இதற்கு வழி, ஒவ்வொருவராக வரச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பதுதான். முதலில் முழுச் சிப்பத்தை எடை போட்டு, சாக்கின் எடையைக் கழித்து உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 24.9 என்றால் ஆளுக்கு 4.98. ஐந்து பைகளையும் அந்த அளவுக்கு நிரப்பி வரிசையாக வைத்து, மீதியைப் பிடிப்பிடியாகப் பகிர்ந்து சமன் செய்தபிறகே ஆள் வரட்டும். தரையில் சுத்தமான விரிப்பு இருந்தால் சிந்தியதும் திரும்பக் கிடைக்கும். சமையலறை மின்தராசுகள் பலவும் 5 கிலோவிலேயே நின்றுவிடும், பையின் எடையும் சேர்ந்தால் தாண்டிவிடும். வாங்கும்போதே 10 கிலோ தாங்கும் தராசாகப் பார்ப்பது நல்லது.

எண்ணெய்: கிலோவா, லிட்டரா

அரிசியில் கற்ற கணக்கு எண்ணெயில் ஓரிடத்தில் சறுக்கும். தண்ணீரைவிட எண்ணெய் எடை குறைந்தது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் அறை வெப்பத்தில் 910 முதல் 920 கிராம்வரை எடை இருக்கும். கடையில் பாக்கெட்டுக்கு லிட்டர் விலை. மொத்தச் சந்தையிலோ டின்னுக்கு விலை, அந்த டின் 15 கிலோவாகவும் இருக்கலாம், 15 லிட்டராகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கடையில் லிட்டர் 100 என்று வைப்போம். ஒரு வியாபாரி 15 லிட்டர் டின் 1,440 என்கிறார். இன்னொருவர் 15 கிலோ டின் 1,530 என்கிறார். முதல் டின் லிட்டருக்கு 96, இரண்டாவது 102, முதலாவதே மலிவு என்று தோன்றும். ஆனால் லிட்டருக்கு 915 கிராம் என்று எடுத்தால் 15 கிலோ டின்னில் இருப்பது ஏறக்குறைய 16.4 லிட்டர். 1,530-ஐ 16.4-ஆல் வகுத்தால் லிட்டர் 93.30. விலை கூடுதலாகத் தெரிந்ததுதான் உண்மையில் மலிவு. குழப்பம் வராமலிருக்க எல்லா விலையையும் லிட்டருக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்:

```
லிட்டர் விலை = டின் விலை × 0.915 ÷ டின்னின் கிலோ
```

டின்னை வாங்கிப் பாட்டில்களில் பிரிக்கலாமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. டின்னின் சுவரிலும் மூலையிலும் ஒட்டிக்கொள்வது, புனலில் நிற்பது, வடிகட்டி குடிப்பது என்று கொஞ்சம் போகும், அது சிறிய நஷ்டம். பெரியது கெட்டுப்போவது. திறந்த எண்ணெய் காற்றையும் வெளிச்சத்தையும் கண்டால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கழுவிய பாட்டிலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும், பழைய எண்ணெயின் பிசுக்கு அடியில் ஒட்டியிருந்தாலும் அது விரைவாக நடக்கும். பத்து வீட்டின் பத்து பாட்டிலில் ஒன்று அழுக்காக இருந்து எண்ணெய் கெட்டாலும், பழி டின்னின் மேலும் அதை வாங்கியவர் மேலும்தான் விழும். தவிர, உதிரி எண்ணெய் விற்பதற்கே சில இடங்களில் தடை இருக்கிறது.

ஆலை மூடியோடு வரும் ஒரு லிட்டர் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டிக் கணக்கில் எடுங்கள், அல்லது 5 லிட்டர் கேன்களாக எடுங்கள். டின்னைவிட லிட்டருக்குச் சற்று கூடும். ஆனால் பிரிக்கும் வேலையில்லை, எடைத் தகராறில்லை, ஒவ்வொரு வீட்டின் கையிலும் தயாரிப்புத் தேதி அச்சாகி இருக்கும். அந்தத் தேதியை ஆர்டரின்போதே கேட்டுவிட வேண்டும். மொத்த விலை திடீரென்று இறங்கியிருந்தால், காலாவதி நெருங்கிய சரக்காக இருக்கக்கூடும்.

டின்தான் வேண்டும் என்றால் ஒரு டின்னை இரண்டு வீடுகளுக்கு மேல் பிரிக்காதீர்கள். எவர்சில்வர் தூக்கு, அல்லது நிறம் பூசிய கண்ணாடிக் குடுவை, ஈரம் துளியுமில்லாமல் காய்ந்தது, கழுத்துவரை நிரப்பி இறுக மூடியது. பாதி காலியான பெரிய கேன் அதனுள் இருக்கும் காற்றாலேயே கெடும்.

எவ்வளவு எடுக்கலாம்

விலை மலிவு என்பதற்காக ஆறு மாதத்துக்கு அரிசி வாங்குபவர்கள் மூன்றாவது மாதம் மொட்டை மாடியில் அதை உலர்த்திக்கொண்டிருப்பார்கள். அரிசி வண்டு மணிக்குள் முட்டையிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெப்பமான அறையில் ஒரு மாதம் சற்று கூடக் குறைய ஆனதும் முட்டை முழு வண்டாகி வெளியே வரும், அது மறுபடி முட்டையிடும். நல்ல சரக்கு என்று வாங்கியதில் எட்டாவது வாரம் கூட்டமாக வண்டு தெரிவது இப்படித்தான். ஆகவே ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத் தேவை என்பதை உச்ச வரம்பாக வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்று கேட்பவர், தானே பொறுப்பு என்று தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

கீழ்த்தளத்தில் இறக்கி வைக்கும் சிப்பங்களையும் தரையில் நேராக அடுக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு அடுக்குங்கள். இல்லாவிட்டால் தரையின் ஈரம் அடிச் சிப்பத்தில் ஏறிவிடும். 500 கிலோவையும் ஒரே நடையில் லிப்டில் ஏற்ற நினைக்காதீர்கள். உள்ளே எழுதியிருக்கும் எடை வரம்பைப் பார்த்து, கூடவே நிற்கும் ஆட்களின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் மாலை வேளையில் வண்டி வரச் சொன்னால், எடுக்க ஆளில்லாத மூட்டை இரவு முழுவதும் வராந்தாவில் கிடக்காது. அப்படியும் 24 மணி நேரத்துக்குள் யாரும் எடுக்காத மூட்டையை, பணம் கட்டியவர் வீட்டு வாசலில் வைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு, தாளில் அவர் பெயருக்கு எதிரே "ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிவிடுங்கள்.